மோலாரிட்டி கணக்கில் அந்த 2 எங்கே போனது?

இந்த வாரமும் அதே கதைதான். செய்முறைக் குறிப்பேட்டில் உள்ள டைட்ரேஷன் அட்டவணையைச் செல்பேசியில் படம் பிடித்து ஒரு மாணவி அனுப்பியிருந்தார். கூடவே ஒரு வரி: "சார், விடை பாதியாக வருகிறது, எங்கே தப்பு என்று தெரியவில்லை." படத்தைத் திறக்கும் முன்பே தப்பு என்னவாக இருக்கும் என்று எனக்குத் தெரியும். ஆய்வகத்தில் மாணவர்களோடு நிற்கும் யாருக்கும் தெரியும். சரியான அட்டவணை, சரியான கூட்டல் கழித்தல், ஆனால் சூத்திரம் மட்டும் பொருந்தாத இடத்தில் போய் உட்கார்ந்திருக்கும்.

அவர் அனுப்பிய படத்தையே எடுத்துக்கொள்வோம். கூம்புக்குடுவையில் 20.0 மி.லி. ஆக்சாலிக் அமிலம். பியூரெட்டில் சோடியம் ஹைட்ராக்சைடு. நிறங்காட்டி பினாப்தலீன். ஆக்சாலிக் அமிலத்தை 1.58 கிராம் எடை போட்டு, 250 மி.லி. திட்டக் குடுவையில் கரைத்திருக்கிறார்கள். அளவீடுகள் இவை:

| முயற்சி | தொடக்க அளவு | இறுதி அளவு | செலவான கன அளவு (மி.லி.) |
|---|---|---|---|
| 1 | 0.0 | 21.1 | 21.1 |
| 2 | 0.2 | 20.6 | 20.4 |
| 3 | 0.0 | 20.4 | 20.4 |

கணக்குக்குள் போகும் முன் படத்தைப் படிக்க வேண்டும். அவசரத்தில் எல்லோரும் தாண்டிப் போகும் இடம் இதுதான். சாய்வாக எடுத்த படத்தில் ஒரு வரிசையின் எண் அடுத்த வரிசைக்கு வழுக்கிவிடும். 4 எது, 9 எது என்று தெரியாது. தசமப்புள்ளி நிழலில் மறைந்துவிடும். அதனால் படத்தைப் பார்த்தவுடன் கடைசிப் பத்தியை மட்டும் எடுத்துக்கொண்டு ஓடாதீர்கள். ஒவ்வொரு வரிசையிலும் இறுதி அளவிலிருந்து தொடக்க அளவைக் கழித்து, எழுதியிருக்கும் கன அளவு வருகிறதா என்று பாருங்கள். இரண்டாவது வரிசையில் தொடக்கம் 0.2. அதைக் கவனிக்காதவர் 20.6-ஐயே கன அளவாக எடுத்துக்கொள்வார். கழித்துப் பார்த்தால் 20.4. மூன்றாவது வரிசையும் அதையே சொல்கிறது. மூன்று பத்திகளும் ஒன்றுக்கொன்று சாட்சி. எண் மங்கலாக இருந்தாலும் மற்ற இரண்டையும் வைத்து மீட்டுவிடலாம்.

முதல் வரிசையின் 21.1-ஐ என்ன செய்வது? விட்டுவிட வேண்டும். அது முடிவுநிலை எந்தப் பக்கம் இருக்கிறது என்று தெரிந்துகொள்ள வேகமாக ஊற்றிப் பார்த்த அளவு. மூன்றையும் கூட்டி மூன்றால் வகுத்தால் 20.63 வரும். பார்ப்பதற்கு ஒழுங்காகத்தான் இருக்கும், ஆனால் வேண்டுமென்றே கூட ஊற்றியதைச் சராசரிக்குள் கலந்துவிட்டீர்கள். ஒன்றுக்கொன்று 0.1 மி.லி.க்குள் ஒத்துப்போகும் அளவுகள்தான் கணக்குக்கு வரும். இங்கே அது 20.4. இன்னொன்றும் கவனியுங்கள். 0.1 மி.லி. கோடுகள் போட்ட சாதாரண பியூரெட்டில் 20.37 என்று எழுதியிருந்தால், அதன் கடைசி இலக்கம் கோட்டைப் பார்த்துப் படித்தது அல்ல, கண்ணால் மதிப்பிட்டது. இரண்டு கோடுகளுக்கு நடுவில் நின்றால் 20.35 என்று மதிப்பிடலாம்.

சரி, இப்போது கணக்கு. படிக ஆக்சாலிக் அமிலத்தில் இரண்டு நீர் மூலக்கூறுகள் இருக்கின்றன, H2C2O4·2H2O. மோலார் நிறை 126.07. நீரற்ற அமிலத்துக்கு 90.03. புட்டியின் லேபிளைப் பார்க்காமல் 90 போட்டவர்களுக்கு இந்த இடத்திலேயே செறிவு 0.0702 என்று வந்துவிடும். நம் மாணவி சரியாகத்தான் போட்டிருந்தார். 1.58-ஐ 126.07-ஆல் வகுத்தால் 0.01253 மோல். அது 0.250 லிட்டரில் கரைந்திருக்கிறது. ஆகவே மோலாரிட்டி 0.0501 M.

அடுத்த வரியில்தான் வழக்கமான விபத்து. அவர் எழுதியது இது:

M1V1 = M2V2
0.0501 × 20.0 = M2 × 20.4
M2 = 0.0491 M

தவறு. தயவுசெய்து இந்த இடத்தில் நிதானமாக நில்லுங்கள், இதை நான் கொஞ்சம் விரிவாகவே சொல்லப்போகிறேன்.

M1V1 = M2V2 என்பது ஒரே கரைசலைத் தண்ணீர் ஊற்றி நீர்க்கச் செய்யும்போது எழுத வேண்டிய சமன்பாடு. தண்ணீர் ஊற்றும்போது கரைபொருளின் மோல்கள் மாறுவதில்லை, அதனால் முன்னும் பின்னும் சமம். டைட்ரேஷனில் நடப்பது அதுவல்ல. ஒரு பொருள் இன்னொரு பொருளோடு வினைபுரிகிறது. எத்தனை மோலுக்கு எத்தனை மோல் என்பதை வினைச் சமன்பாடுதான் சொல்லும்:

H2C2O4 + 2NaOH → Na2C2O4 + 2H2O

ஒரு மோல் ஆக்சாலிக் அமிலத்துக்கு இரண்டு மோல் சோடியம் ஹைட்ராக்சைடு வேண்டும். அமிலத்தில் விட்டுக்கொடுக்க இரண்டு ஹைட்ரஜன் அயனிகள் இருக்கின்றன. இந்த 2-ஐ மாணவி எங்குமே பயன்படுத்தவில்லை. சமன்பாட்டை மட்டும் பக்கத்தின் மேலே அழகாகச் சமன்செய்து எழுதியிருந்தார். அதை எழுதியதன் பயனே அடுத்த வரியில்தான் இருக்கிறது.

இந்தக் குழப்பம் எங்கிருந்து வருகிறது என்றும் சொல்லிவிடுகிறேன், பிள்ளைகளை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. நார்மாலிட்டியில் கணக்குப் போட்டால் N1V1 = N2V2 எப்போதும் பொருந்தும், ஏனென்றால் சமான எடை என்ற கருத்துக்குள்ளேயே அந்த 2 ஏற்கெனவே புகுந்திருக்கிறது. 0.0501 M ஆக்சாலிக் அமிலம் இந்த வினையில் 0.1002 N. பாடமும் பயிற்சியும் மோலாரிட்டிக்கு மாறின. N-ஐ அழித்துவிட்டு M எழுதினார்கள், கூடவே வந்திருக்க வேண்டிய மோல் விகிதத்தை யாரும் சொல்லித்தரவில்லை. ஹைட்ரோகுளோரிக் அமிலத்துக்கும் சோடியம் ஹைட்ராக்சைடுக்கும் விகிதம் 1:1. அதனால் அங்கே இந்தத் தப்பான வழியிலும் சரியான விடை வந்துவிடுகிறது. முதலில் பழகியது அதுதான் என்றால் நம்பிக்கை கெட்டியாகிவிடும்.

சரியான வழி மோல்களை எழுதிக்கொண்டு போவது. குடுவையில் உள்ள அமிலம் 0.0501 × 0.0200 = 0.00100 மோல். அதற்குத் தேவைப்படும் சோடியம் ஹைட்ராக்சைடு அதன் இரு மடங்கு, அதாவது 0.00200(5) மோல். அது 20.4 மி.லி.யில் இருந்தது. ஆகவே அதன் மோலாரிட்டி 0.0983 M. இடையில் அடைப்புக்குறிக்குள் ஒரு இலக்கத்தைக் கூடுதலாக வைத்திருப்பது கணக்கு நடுவில் முழுமையாக்கிவிடாமல் இருக்கத்தான். கடைசி விடைக்கு மூன்று இலக்கம் போதும், 1.58 கிராம் என்பதே மூன்று இலக்கம்தான்.

விடை சரியா என்று பார்க்கக் கணிப்பான் கூட வேண்டாம். ஏறக்குறைய சம கன அளவுகள் வினைபுரிந்திருக்கின்றன, 20.0-க்கு 20.4. அமிலத்தின் ஒவ்வொரு மோலும் இரண்டு மோல் காரத்தைக் கேட்கிறது. அப்படியானால் காரம் அமிலத்தைப்போல் சுமார் இரு மடங்கு செறிவாக இருந்தாக வேண்டும். 0.05-க்கு 0.1 வர வேண்டும், 0.049 அல்ல. இந்த ஒரு பார்வை போதும், பாதி விடை உடனே கண்ணில் படும்.

படத்தின் கீழ்ப்பாதியில் இரண்டாம் பகுதி. இதே காரத்தை வைத்து, செறிவு தெரியாத ஹைட்ரோகுளோரிக் அமிலம் 20.0 மி.லி. டைட்ரேட் செய்யப்பட்டது. ஒத்த அளவு 22.6 மி.லி. இங்கே விகிதம் 1:1, அதனால் 0.0983 × 22.6 ÷ 20.0 = 0.111 M. லிட்டருக்குக் கிராம் கேட்டால் 36.46-ஆல் பெருக்க வேண்டும், 4.05 கிராம். மாணவிக்கு வந்தது 0.0555 M. இந்தப் பகுதியில் அவர் எந்தத் தவறும் செய்யவில்லை என்பதுதான் வருத்தம். முதல் பகுதியின் பாதி எண், இரண்டு பகுதிக்கும் பொதுவான சோடியம் ஹைட்ராக்சைடு என்ற இணைப்புக் கரைசல் வழியாக அப்படியே இறங்கி வந்துவிட்டது. இரண்டாம் பகுதியை எத்தனை முறை திரும்பப் போட்டாலும் அது பிடிபடாது.

அப்புறம், படத்தின் ஓரம். அட்டவணைக்குக் கீழே பென்சிலில் "10 → 100" என்று சின்னதாக எழுதியிருந்தது. படம் எடுத்தவர் அதைப் பாதி வெட்டிவிட்டார். கேட்டதில் தெரிந்தது, கொடுத்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் 10 மி.லி. எடுத்து 100 மி.லி. ஆக்கியிருக்கிறார்கள். M1V1 = M2V2-க்கு உரிய இடம் இதுதான். குடுவையில் 0.111 M என்றால், கொடுத்த புட்டியில் இருந்தது 1.11 M. அந்த மூலையை முழுவதும் வெட்டியிருந்தால் விடை பத்தில் ஒரு பங்காகப் போயிருக்கும், கணக்கில் தப்பு எதுவும் தெரியாமலே.

படத்திலிருந்து தெரியாதவையும் உண்டு. முடிவுநிலையில் நிறம் வெளிறிய ரோஜாவாக அரை நிமிடம் நின்றதா, கருஞ்சிவப்பாகப் போகவிட்டார்களா என்று அட்டவணை சொல்லாது. இரண்டு முயற்சியிலும் ஒரே அளவு கூட ஊற்றியிருந்தால், எண்கள் அழகாக ஒத்துப்போகும், விடை தப்பாகவே இருக்கும். சோடியம் ஹைட்ராக்சைடு கரைசல் எப்போது தயாரித்தது என்பதும் தெரியாது. அது காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை இழுத்துக்கொள்ளும், அதனால்தான் அதை எடை போட்டுத் திட்டக் கரைசலாக வைப்பதில்லை, ஆக்சாலிக் அமிலத்தை வைத்து முதலில் தரம் பார்க்கிறோம்.

ஆகவே அடுத்த முறை படம் அனுப்பும்போது முழுப் பக்கமும் வரட்டும். நேர் மேலிருந்து, கையின் நிழல் விழாமல் எடுங்கள். தலைப்பு வரிகள் கட்டாயம் தெரிய வேண்டும்: பியூரெட்டில் எது, பிப்பெட்டில் எது, பிப்பெட் 20 மி.லி.யா 25 மி.லி.யா, எடை எவ்வளவு, திட்டக் குடுவை எவ்வளவு. இவை இல்லாத படத்துக்கு யாராவது விடை சொன்னால், பிப்பெட் அளவை அவர் ஊகித்திருக்கிறார் என்று அர்த்தம். அந்த விடையைக் குறிப்பேட்டில் எழுதாதீர்கள், திரும்பப் போய்ப் பிப்பெட்டில் பொறித்திருக்கும் எண்ணைப் பார்த்துவிட்டு வாருங்கள்.