நிழற்படத்தின் நகர்வு ஏன் தள்ளிவிட்டதுபோல் தொடங்குகிறது?

ஒரு மணிவிழாக் காணொளிக்காக, பழைய கறுப்பு வெள்ளைக் குடும்பப் படத்தின் மேல் இடமிருந்து வலமாக நகர்ந்து, மணமகளின் முகத்தை ஆறு நொடியில் மெல்ல நெருங்க வேண்டியிருந்தது. ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் Position, Scale இரண்டுக்கும் தொடக்கத்தில் ஒரு கீஃபிரேமும் முடிவில் ஒரு கீஃபிரேமும் வைத்து ஓட்டினேன். படம் யாரோ தள்ளிவிட்டதுபோல் புறப்பட்டு, சுவரில் முட்டியதுபோல் நின்றது.

காரணம் எளிய கணக்குதான். நொடிக்கு 25 ஃபிரேம் என்றால் ஆறு நொடிக்கு 150 ஃபிரேம். நகர வேண்டிய தொலைவு 300 பிக்சல். ஆகவே ஃபிரேமுக்கு 2 பிக்சல். அசையாமல் இருந்த படம் அடுத்த ஃபிரேமிலேயே முழு வேகத்தில் ஓடுகிறது. நகர்வு எவ்வளவு மெதுவானதாயினும், வேகம் பூச்சியத்திலிருந்து தாவும் அந்த ஒரு கணத்தைக் கண் பிடித்துவிடும்.

இதற்கு எல்லோரும் செய்வது, கீஃபிரேம்களைத் தேர்ந்து F9 அழுத்தி Easy Ease இடுவது. முனைகள் மென்மையாகின்றன; ஆனால் தொலைவும் நேரமும் மாறாததால், முனைகளில் இழந்த வேகத்தை நடுப்பகுதி ஈடுகட்ட வேண்டியதாகிறது. இயல்பான 33.33% Influence அமைப்பில் நடுவேகம் சராசரியைப்போல ஒன்றரை மடங்கு, அதாவது ஃபிரேமுக்கு 3 பிக்சல். தயங்கித் தொடங்கி, நடுவில் விரைந்து, மறுபடி தயங்கும் இந்த நடை அமைதியான படத்துக்குப் பொருந்தாது என்பது என் கருத்து. Keyframe Velocity பெட்டியில் Influence அளவை இரு முனைகளிலும் 15% ஆகக் குறைத்தபோது நடுவேகம் ஏறத்தாழ 2.35 பிக்சலுக்கு இறங்கியது, தொடக்கமும் உறுத்தவில்லை. இதே எண்ணை Scale கீஃபிரேம்களுக்கும் இட வேண்டும். இரண்டும் வெவ்வேறு வளைவில் சென்றால் மணமகளின் முகம் திரையில் நேர்கோட்டில் வராமல் வளைந்து அலையும்.

அடுத்த சிக்கல் முடிவில் இருந்தது. கடைசி ஒரு நொடியில் அடுத்த படம் டிசால்வாகி மேலெழுகிறது. அந்நேரத்தில் இந்தப் படம் வேகம் குறைந்து ஏறக்குறைய நின்றுவிடுவதால் உயிரற்றுத் தெரிந்தது. எனவே இறுதிக் கீஃபிரேமை லேயரின் முடிவுக்கு ஒரு நொடி அப்பால் நகர்த்தி, அதை Linear ஆக்கி, நடை மாறாதிருக்கத் தொலைவையும் 350 பிக்சலாக நீட்டினேன். திரையில் படம் எங்குமே நிற்காமல், நகர்ந்துகொண்டே கரைந்தது.

தொடக்கமும் முடிவும் சரியான பிறகும் புடவைக் கரையின் மெல்லிய கோடுகள் நடுங்கினால், கீஃபிரேமைக் குறை சொல்லுமுன் அந்த லேயரின் Quality நிலை Draft ஆக இருக்கிறதா என்று பாருங்கள். அந்த நிலையில் படம் பிக்சலின் பின்னங்களில் நகராமல் முழுப் பிக்சலாகத் தாவும். மிக மெதுவான நகர்வில் அத்தாவல் அப்பட்டமாகத் தெரியும். Best நிலைக்கு மாற்றியதும் என் படத்தில் அது நின்றுபோனது.