இழுத்து மேலே வைத்தால் உண்மையில் எது நகர்கிறது?

வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டுப் பக்கம் நைட்டியும் சுடிதார் மெட்டீரியலும் விற்கும் வாசகி ஒருவர் ஷாப்பிஃபையில் ஆன்லைன் கடை வைத்திருக்கிறார், கடையின் தோற்றத்தைத் தரும் தீம் இலவசமாகக் கிடைக்கும் டான். அவர் கேட்டது இது: "முகப்புல கீழ கிடந்த புது வரவு வரிசையை இழுத்து பேனருக்கு மேல வெச்சேன் சார், படம், விலை எல்லாம் கூடவே வந்துடுச்சு. பேனர்ல இருக்கற பட்டனை இழுத்து அந்த வரிசைக்குள்ள போட்டா மட்டும் போகவே மாட்டேங்குது, ஏன்?"

இழுக்கும் வேலை தெரிந்ததுதான். பேனர், புது வரவு வரிசை மாதிரி பக்கத்தின் ஒவ்வொரு பகுதியும் ஒரு செக்‌ஷன். தீம் எடிட்டரின் இடப்பக்கப் பட்டியலில் செக்‌ஷன் பெயர் மேல் மவுஸைக் கொண்டுபோனால் ஆறு புள்ளி தெரியும், அதைப் பிடித்து இழுத்து விட்டு Save அழுத்தினால் முடிந்தது.

ஆனால் உள்ளே நடப்பதுதான் எனக்குப் பிடித்த இடம். முகப்புப் பக்கத்துக்கென்று தீமில் `templates/index.json` என்று ஒரு கோப்பு இருக்கிறது. அதில் `sections` என்ற பகுதியில் ஒவ்வொரு செக்‌ஷனின் தலைப்பு, எந்தப் படம், எந்த கலெக்‌ஷன் என்று எல்லா விவரமும் ஒரு பெயரின் கீழ் கிடக்கும். அதற்குப் பிறகு தனியாக ஒரே ஒரு வரிசை:

```json
"order": ["image_banner", "rich_text", "featured_collection"]
```

நம்ம ஊர் ரேஷன் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். ஆட்கள் நிழல் பார்த்து எங்கெங்கோ உட்கார்ந்திருப்பார்கள், வரிசையில் நிற்பது அடுக்கி வைத்த கார்டுகள் மட்டும்தான். அடியில் இருக்கும் கார்டை எடுத்து மேலே வைத்தால் அந்த அம்மாவுக்கு முதலில் அரிசி கிடைக்கும், அவர் அதுவரை உட்கார்ந்த இடத்தை விட்டு எழுந்திருக்கவே வேண்டாம். நம் வாசகி புது வரவை இழுத்தபோதும் படமோ விலையோ கோப்பில் இடம் மாறவில்லை, `order` வரிசையில் `featured_collection` என்ற பெயர் முதலில் வந்தது, அவ்வளவுதான். பக்கத்தைத் தயாரிக்கும்போது சர்வர் அந்த வரிசையைப் பார்த்து ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுகிறது. தீம் கோடு ஒரு வரிகூட மாறாததற்குக் காரணம் இதுதான்.

இப்போது பட்டன் விஷயம். பட்டன் ஒரு பிளாக், அதாவது செக்‌ஷனுக்குள் அடங்கும் சின்னத் துண்டு. பிளாக்குகளின் வரிசை பக்கத்தின் `order`-ல் இல்லை, அந்தந்த செக்‌ஷனுக்கு உள்ளேயே `block_order` என்று தனியாக இருக்கிறது. அதனால் பேனருக்குள் தலைப்புக்கு மேலே பட்டனைக் கொண்டுபோகலாம், தடையில்லை. வேறு செக்‌ஷனுக்குள் நுழைய வேண்டுமென்றால் அந்த செக்‌ஷன் அப்படியொரு பிளாக்கை ஏற்றுக்கொள்வதாக எழுதப்பட்டிருக்க வேண்டும். டானின் ஃபீச்சர்ட் கலெக்‌ஷனில் பிளாக்குக்கு இடமே கிடையாது, வேறு கடை கார்டை இந்தக் கடையில் நீட்டினால் எப்படி? அதற்குப் பதிலாகப் புது வரவுக்கு அடுத்து ஒரு ரிச் டெக்ஸ்ட் செக்‌ஷன் சேர்த்து அதில் பட்டன் பிளாக் போட்டுக்கொள்ளச் சொன்னேன், பார்க்கிறவருக்கு வித்தியாசம் தெரியாது.

இந்த வாசகியிடம் ஒரு ஆலோசகர் கட்டணம் வாங்கிக்கொண்டு, தள்ளுபடிப் படம் பக்கத்தின் ஈசானிய மூலையில் இருந்தால்தான் வியாபாரம் நடக்கும் என்று சொல்லியிருக்கிறார். போனைத் திருப்பிப் பிடித்தால் ஈசானியம் எங்கே போகும் என்று அவரிடம் யாரும் கேட்கவில்லை போல.

மேலே போகும் படத்தில் கவனிக்க வேண்டியது வேறு. வேகத்துக்காக, பக்கத்தின் அடியில் இருக்கும் படங்களை, வாடிக்கையாளர் கீழே இறங்கி வரும்போதுதான் பிரவுசர் இறக்கும். டான் மாதிரியான தீமில் பேனர் தான் எத்தனையாவது இடத்தில் இருக்கிறோம் என்று `section.index` வழியாகத் தெரிந்துகொண்டு, முதலிடத்தில் இருந்தால் தன் படத்தை அவசரமாகக் கேட்கும். சில தீம்களில் இந்த ஏற்பாடு இருக்காது, அங்கே கீழே இருந்ததை மேலே இழுத்தால் அதன் படம் பழைய பழக்கத்திலேயே தாமதமாக வரும். போனில் மொபைல் டேட்டாவில், இதுவரை அந்தக் கடையைத் திறக்காத ஒரு பிரவுசரில் போட்டுப் பாருங்கள், மேலே ஒரு கணம் வெறும் இடம் தெரிந்து பிறகு படம் வந்தால் இதுதான் கோளாறாக இருக்கலாம். இழுத்து இதைச் சரிசெய்ய முடியாது, தீம் கோடில்தான் கைவைக்க வேண்டும்.

இன்னொன்று, ஓடிக்கொண்டிருக்கும் தீமில் Save அழுத்தினால் அந்த நொடியே கடைக்கு வருகிறவர்கள் புது அமைப்பைப் பார்ப்பார்கள். அதனால் முதலில் தீமை Duplicate செய்து அந்த நகலில் இழுத்துப் பாருங்கள். தீபாவளி ஆஃபர் முடிந்த பேனரையும் அழித்துவிட வேண்டாம், பெயர் பக்கத்தில் இருக்கும் கண் அடையாளத்தைத் தட்டினால் கோப்பில் அதற்கு `"disabled": true` என்று ஒரு குறிப்பு மட்டும் ஏறும். கார்டு அடுக்கில் அதே இடத்தில் இருக்கும், கூப்பிட மாட்டார்கள், அடுத்த வருஷம் மறுபடி கண்ணைத் திறந்தால் படமும் எழுத்தும் அப்படியே இருக்கும்.