‘கலர் மாறிடுச்சு’ என்றதும் சாச்சுரேஷனில் கை வைக்காதீர்கள்

அனிமேஷன் கோப்புகளை இறுதி வடிவத்துக்குக் கொண்டுவருவதுதான் என் தொழில். அதில் அடிக்கடி வரும் போன் இது: “அண்ணா, சாஃப்ட்வேர்ல கரெக்டா இருக்கு, கிளையண்ட் போன்ல வேற மாதிரி இருக்கு. கொஞ்சம் கலர் ஏத்திக் கொடுங்க.” ஏற்ற மாட்டேன் என்று சொல்வதற்குள் அந்தப் பக்கம் ஏற்கெனவே இரண்டு முறை ஏற்றி இறக்கியிருப்பார்கள். கடைசியாக வந்த கோப்பில் இந்தக் கூத்து எல்லை மீறிவிட்டதால் எழுதுகிறேன்.

அது ஒரு புடவைக் கடை விளம்பரம், டூ டி அனிமேஷன். நாயகியின் புடவை மிளகாய்ப்பழச் சிவப்பு. நிறத்தட்டில் எடுத்த சிவப்பு, பச்சை, நீல எண்கள் 200, 40, 30. கரை இலைப்பச்சை, 30, 140, 50. பிரேம்களை பிஎன்ஜி படங்களாக எடுத்து, ஓர் இலவசக் கருவியில் எம்பி4 ஆக்கி, வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறார்கள். கடைக்காரர் போனில் பார்த்தார். சிவப்பில் ஆரஞ்சு வாடை, கரையோ கறுத்துப்போன பச்சை. “எங்க புடவை இந்தக் கலரே இல்ல தம்பி” என்றார். நியாயம். உடனே தம்பி மூலப் படத்துக்குப் போய், போனில் சரியாகத் தெரியும்வரை புடவையின் சிவப்பை மாற்றி வரைந்தார். போனில் சரியாகிவிட்டது, கைகுலுக்கல் முடிந்தது. பிறகு டிவி சேனலுக்கான கோப்பை வேறொரு இடத்தில் டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளில் எடுத்தார்கள். டிவியில் புடவை இருண்டு, நீலம் கலந்த சிவப்பாக வந்து நின்றது. இப்போது சேனல் மேல் பழி.

சேனல் ஒரு தவறும் செய்யவில்லை. தம்பி மாற்றி வரைந்த சிவப்பை ரிசால்வ் உள்ளபடியே எழுதியது, டிவி அதை உள்ளபடியே காட்டியது. அந்த எம்பி4 தான் முதலிலிருந்தே தவறு.

வீடியோ கோப்பு சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று எண்களாகச் சேமிக்காது. ஒளியளவு ஒன்று, நிற வேறுபாடு இரண்டு என்று மாற்றித்தான் வைக்கும். அந்த மாற்றத்துக்கான கணக்குகளில் இங்கே நமக்கு வேண்டியவை இரண்டு. பழைய தரநிலை டிவிக்கு ரெக் 601. எச்டிக்கு 1990-ல் வந்த ரெக் 709. ஒரு கணக்கில் எழுதி இன்னொரு கணக்கில் படித்தால் நிறம் நகரும். ffmpeg என்ற இலவச வீடியோ மாற்றியிடம் பிஎன்ஜியைக் கொடுத்து வேறெதுவும் சொல்லாவிட்டால் அது 601-இல் எழுதும். அதன் மேல் ஏறி ஓடும் பல இலவச மாற்றிகளும் அப்படியே. கோப்பில் எந்தக் கணக்கு என்ற குறிப்பும் இருக்காது. குறிப்பு இல்லாத எச்டி கோப்பைப் பார்க்கிற பெரும்பாலான பிளேயர்கள், படத்தின் நீள அகலத்தைப் பார்த்து 709 என்று ஊகித்துப் படிக்கும்.

மேற்படி புடவையை இந்த வழியில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 200, 40, 30 என்ற சிவப்பு 214, 55, 27 ஆக வெளியே வருகிறது. 30, 140, 50 என்ற பச்சை 22, 124, 48. கடைக்காரர் கண் பொய் சொல்லவில்லை. ஆனால் தம்பி அதே கோப்பைத் தன் கருவியிலேயே திரும்பத் திறந்து பார்த்திருக்கிறார். அங்கே 601-இல் எழுதியது 601-இலேயே படிக்கப்பட்டு, 200, 40, 30 ஆகவே தெரிந்திருக்கிறது. அதனால்தான் “என்கிட்ட சரியாத்தான் இருக்கு” என்று சத்தியம் செய்தார். எழுதிய கருவியிலேயே படித்துப் பார்ப்பது சோதனை ஆகாது. இதை எத்தனை பேரிடம் சொல்வது?

மாற்ற வேண்டியது இந்த ஒரு வரியைத்தான்:

```
ffmpeg -framerate 25 -i kaatchi_%04d.png \
 -vf "scale=out_color_matrix=bt709:out_range=tv,format=yuv420p" \
 -c:v libx264 -crf 14 \
 -colorspace bt709 -color_primaries bt709 \
 -color_trc bt709 -color_range tv out.mp4
```

`scale` பகுதிதான் கணக்கை மாற்றுகிறது. கீழே உள்ள நான்கு குறிப்புகள் கோப்பின் மேல் ஒட்டும் சீட்டு. இணையத்தில் சீட்டை மட்டும் நகலெடுத்து ஒட்டுகிறவர்கள் உண்டு. பல பதிப்புகளில் அது உள்ளே 601, வெளியே 709 என்ற சீட்டு என்று முடியும். சீட்டே இல்லாததைவிட மோசம், ஏனென்றால் இனி எந்த நல்ல பிளேயரும் சந்தேகப்படாது. சீட்டு என்ன சொல்கிறது என்று பார்க்க:

```
ffprobe -v error -select_streams v:0 -show_entries \
 stream=color_range,color_space,color_transfer,color_primaries out.mp4
```

`unknown` என்று வந்தால் அந்தக் கோப்பு யாருக்கும் போகக் கூடாது.

இப்போது எனக்கு அதிகம் எரிச்சல் தரும் நம்பிக்கைக்கு வருகிறேன். “போன்ல மங்கலா தெரியுது, அதனால சாச்சுரேஷன் கொஞ்சம் தூக்கிடலாம்” என்பது. எந்தப் போனில்? சாம்சங் போன்களில் பலவற்றில் திரைக்கு ‘Vivid’, ‘Natural’ என்று இரண்டு நிலைகள் உண்டு. முதலாவதில் எல்லா நிறமும் வேண்டுமென்றே தூக்கிக் காட்டப்படும். பெரும்பாலோர் அதில்தான் வைத்திருக்கிறார்கள். ஐபோனில் அறை வெளிச்சத்துக்கேற்ப வெள்ளையை மஞ்சளாக்கும் ட்ரூ டோன் இருக்கிறது. டிவியில் ‘Vivid’ நிலையில் வெள்ளையே நீலமாக இருக்கும். இவற்றில் ஒன்றுக்காக நீங்கள் கோப்பைத் திருத்தினால், மற்ற எல்லாவற்றிலும் அந்தத் திருத்தம் பிழையாகத் தெரியும். ஒரே ஒருவருடைய மூக்குக்கண்ணாடிக்காகப் புத்தகத்தையே வேறு எழுத்தளவில் அச்சடிக்கிற வேலை இது. பார்வையாளர் தன் போனில் மற்ற படங்களையும் அதே தூக்கலோடுதான் பார்க்கிறார். அவர் கண் அதற்குப் பழகிவிட்டது. சரியாக எழுதிய கோப்பு அங்கே மற்றவற்றோடு சேர்ந்து இயல்பாக உட்காரும். கூட்டிக் கொடுத்த கோப்புதான் தனியாகக் கத்தும்.

எல்லாத் திரையிலும் ஒரே மாதிரி தெரிய வைப்பது யாராலும் ஆகாது. நம் வேலை, ஒழுங்காக அமைத்த திரையில் சரியாகத் தெரியும்படி கோப்பை எழுதுவது மட்டுமே. இதைக் கிளையண்டிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். சொல்லக் கூச்சப்பட்டு இரவெல்லாம் திருத்திக்கொண்டிருப்பவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது.

‘போனில் மங்கல்’ உண்மையாகவே கோப்பில் இருப்பதும் உண்டு. அதற்குப் பல நேரம் காரணம் வரைகிறவரின் மானிட்டர். அகன்ற நிற எல்லை கொண்ட புது மானிட்டரை வாங்கி, அதை எஸ்ஆர்ஜிபி நிலையில் வைக்காமல், நிற மேலாண்மை இல்லாத மென்பொருளில் வரைகிறார்கள். திரை எல்லாவற்றையும் அடர்த்தியாகக் காட்டுகிறது. கண்ணுக்கு அதிகமாகப் படுவதால் வரைகிறவர் தானாகக் குறைத்து வரைகிறார். வெளியே போனதும் படம் வெளிறிப் போகிறது. விலை அதிகமான மானிட்டர் வாங்கிய பிறகுதான் பிரச்சினை ஆரம்பித்தது என்று சொல்கிறவர்கள் இருந்தால், முதலில் அந்த மானிட்டரின் மெனுவைத் திறந்து `sRGB` என்று போடச் சொல்லுங்கள்.

பிளெண்டர்காரர்களுக்கு ஒரு வார்த்தை. 4.0 பதிப்பிலிருந்து புதுக் கோப்பில் `View Transform` இயல்பாக `AgX` ஆக இருக்கிறது. அதற்கு முன் 2.80-லிருந்து `Filmic`. ஒளி நிறைந்த முப்பரிமாணக் காட்சிக்கு அது அருமை. லோகோ, தட்டையான நிறம், இந்தப் புடவை மாதிரி எண் சொல்லிக் கொடுத்த நிறம் என்றால், அது அந்த எண்ணை அமுக்கி மாற்றிவிடும். அங்கே `Standard` தேர்ந்தெடுங்கள். பிறகு என்னிடம் வந்து சிவப்பு செத்துப்போச்சு என்று அழ வேண்டாம்.

‘கலர் மாறிடுச்சு’ என்ற ஒரே புகாருக்குள் வேறு வேறு நோய்கள் இருப்பதால், எது என்று பிரிக்க ஐந்து கட்டங்கள் உள்ள ஒரு படம் போதும்: கறுப்பு 0, நடுச்சாம்பல் 128, வெள்ளை 255, அந்தச் சிவப்பு, அந்தப் பச்சை. அதை ஒரு விநாடி வீடியோவாக உங்கள் வழக்கமான பாதையிலேயே எடுத்து, வேறொரு பிளேயரில் ஓடவிட்டு, ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஒவ்வொரு கட்டத்தின் நிற எண்ணைப் பாருங்கள். ஒன்றிரண்டு எண் வித்தியாசம் சுருக்கத்தால் வருவது, விட்டுவிடுங்கள். மூன்று சாம்பல் கட்டங்களும் அப்படியே இருந்து சிவப்பும் பச்சையும் மட்டும் நகர்ந்திருந்தால், மேலே சொன்ன 601, 709 குழப்பம். கறுப்பு 16-க்கு ஏறி வெள்ளை 235-க்கு இறங்கி, நடுச்சாம்பல் ஏறக்குறைய இருந்த இடத்திலேயே 126 என்று நின்றால் அது எல்லைப் பிழை. டிவி சமிக்ஞையில் கறுப்பு 16-இல் தொடங்கி வெள்ளை 235-இல் முடியும். அதை விரிக்காமல் காட்டியதால் படம் பால் ஊற்றியது போல இருக்கிறது. எதிர்ப்பக்கமும் உண்டு. விரிக்கத் தேவையில்லாததை விரித்தால் 20 என்ற இருட்டு 5 ஆகும், 16-க்குக் கீழே இருந்ததெல்லாம் ஒரே கறுப்பாகும். இரவுக் காட்சியில் நாயகியின் கூந்தல் காணாமல் போவது இப்படித்தான். கம்ப்யூட்டரை எச்டிஎம்ஐ மூலம் டிவியில் மாட்டிப் பார்க்கும்போது மட்டும் இது நடந்தால், கோப்பைத் தொடாமல் டிவியின் ‘Black Level’ அமைப்பையும் கம்ப்யூட்டரின் வெளியீட்டு எல்லையையும் ஒன்றாக்குங்கள்.

கறுப்பும் வெள்ளையும் அசையாமல் நடுச்சாம்பல் மட்டும் வெளுத்தால் காமா வேறுபாடு, அதாவது எண்ணைத் திரையின் வெளிச்சமாக்கும் வளைவில் வரும் வேறுபாடு. மேக்கில் குவிக்டைம் பிளேயர் இதற்குப் பேர்போனது. 709 சீட்டை அது தன் வழியில் பொருள்கொண்டு, டிவியைவிட வெளிறலாகக் காட்டும். அங்கே பார்த்து முடிவெடுக்காதீர்கள், அவ்வளவுதான். டிவி பக்கம் இதற்கு நேர்மாறு: 2011-இல் வந்த பிடி 1886 தரநிலைப்படி டிவியின் வளைவு ஏறக்குறைய 2.4, நாம் வரைகிற மானிட்டர் 2.2. அதனால் இருட்டுப் பகுதிகள் டிவியில் இன்னும் கொஞ்சம் இறங்கும். பகல் காட்சி, தட்டை நிறம் இவற்றுக்குக் கவலை இல்லை. இரவுக் காட்சி என்றால் 2.4-க்கு அமைத்த திரையில் ஒரு முறை பார்த்து, நிழலை அங்கேயே முடிவு செய்யுங்கள்.

கடைசியாக, கெஞ்சிக் கேட்கிறேன்: வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பி நிறத்துக்கு ஒப்புதல் வாங்காதீர்கள். அது கோப்பைச் சுருக்கி மறுபடி எழுதுகிறது; கிளையண்ட் பார்ப்பது உங்கள் கோப்பே அல்ல. டாக்குமெண்டாக அனுப்புங்கள், அல்லது இறக்கிக்கொள்ள இணைப்பு கொடுங்கள். கூடவே ஒரு வரி எழுதுங்கள்: “சார், போன்ல ஸ்கிரீன் மோடை ‘Natural’ வைச்சு, ஐ கம்ஃபர்ட், நைட் மோட் எல்லாம் ஆஃப் பண்ணிட்டுப் பாருங்க.” அதன் பிறகும் சிவப்பு சரியில்லை என்று அவர் சொன்னால், அப்போது தட்டைத் திறந்து சிவப்பை மாற்றலாம்.