துக்ரி: முகதாட்சண்யம் பாராத பேச்சும் அவமரியாதையும்

இஸ்ரேலியக் குழுக்களோடு வேலை செய்பவர்களின் காதில் 'துக்ரி' என்ற சொல் சீக்கிரமே விழுந்துவிடும். "துக்ரியாகச் சொல்கிறேன், இந்தத் திட்டம் தேறாது" என்று ஒருவர் கூட்டத்தின் நடுவே சொல்வார். கேட்பவருக்கு முகம் சிவக்கும். சொன்னவரோ ஐந்து நிமிடம் கழித்து அதே ஆளிடம் சிரித்துப் பேசிக்கொண்டிருப்பார். இரண்டுக்கும் நடுவில் இருப்பது என்ன என்பதை இந்த ஒரு சொல்லே ஓரளவுக்கு விளக்கிவிடுகிறது.

பிறப்பு. மூலம் துருக்கியச் சொல்லான 'தோரு'. அதற்கு நேர், சரி, உண்மை என்று மூன்று பொருளும் உண்டு. ஒட்டோமான் ஆட்சிக் காலத்தில் அது பேச்சு அரபியில் நுழைந்து 'துக்ரி' ஆனது. இன்றும் அரபி பேசும் ஊர்களில் வழி கேட்டால் "துக்ரி" என்பார்கள்; நேராகப் போ என்று அர்த்தம். அரபியிலிருந்து பேச்சு எபிரேயத்துக்கு வந்தது.

வரும் வழியில் பொருள் கொஞ்சம் நகர்ந்தது. ஹைஃபா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தமார் கத்ரியேல் 1986-இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் பிரித்துக் காட்டுகிறது. அரபியில் துக்ரியான ஆள் என்றால் நடந்ததைத் திரிக்காமல் சொல்பவர். அதன் எதிர்ப்பதம் பொய். எபிரேயத்தில் துக்ரியான ஆள் என்றால் மனத்தில் பட்டதை எதிராளியின் முகத்துக்காக மறைக்காதவர். அதன் எதிர்ப்பதம் பூசிமெழுகல். அந்த நாட்டிலேயே பிறந்து வளர்ந்த 'சாப்ரா' என்னும் யூதத் தலைமுறை, ஐரோப்பாவில் வாழ்ந்த தங்கள் முன்னோரின் நாசூக்கான பேச்சைப் போலித்தனம் என்று ஒதுக்கி, இதைத் தன் அடையாளமாக எடுத்துக்கொண்டது.

இஸ்ரேலில் எல்லோரும் இப்படிப் பேசுகிறார்கள் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அங்குள்ள அரபு மக்களிடையே மதிக்கப்படுவது 'முசாயரா'. உடன் நடத்தல் என்பது அதன் வேர்ப்பொருள். நம் 'அனுசரித்துப் போவது' கிட்டத்தட்ட அதேதான்.

தமிழில் என்ன சொல்வது? 'வெளிப்படையாக' என்பது அரபிப் பொருளுக்குப் பொருந்தும். தகவலை ஒளிக்கவில்லை என்பதோடு அது நின்றுவிடுகிறது. 'வெட்டு ஒன்று துண்டு இரண்டு' என்பதில் பதிலுக்கு இடமே இல்லை. துக்ரியில் பதில் எதிர்பார்க்கப்படுகிறது. 'முகத்தில் அடித்தாற்போல்' என்பது கேட்டவரின் வலியைச் சொல்கிறது, சொன்னவரின் நோக்கத்தைச் சொல்லவில்லை. விளக்கமாகச் சொல்ல வேண்டுமென்றால் 'முகதாட்சண்யம் பார்க்காமல் பேசுவது' என்பதே மிக நெருக்கம். ஒரே சொல் வேண்டுமென்றால் 'நேர்பேச்சு' என்று எழுதலாம். பாரதியின் 'நேர்படப் பேசு' பழகிய காதுக்கு இது அந்நியமாக ஒலிக்காது.

துக்ரி பேசுபவர்கள் மரியாதை தெரியாதவர்களா? இல்லை, இதை அழுத்திச் சொல்ல வேண்டும். மொழியியலாளர் ஷோஷானா ப்ளும்-குல்கா 1987-இல் வெளியிட்ட ஆய்வில் எபிரேயம் பேசுபவர்களிடமும் ஆங்கிலம் பேசுபவர்களிடமும் பலவகை வேண்டுகோள்களைக் கொடுத்து, எது அதிக மரியாதை என்று கேட்டார். "செய்ய முடியுமா?" என்ற வகைக் கேள்வியைத்தான் இரு தரப்பாரும் மரியாதையில் மேலே வைத்தார்கள். சுற்றிவளைத்து ஜாடையாகச் சொல்வது அவ்வளவு மரியாதையாக யாருக்கும் படவில்லை. ஆக, நேர்பேச்சுக்காரருக்கும் மென்மையான வழி தெரியும். வேலை விஷயத்தில் அதைத் தேர்ந்தெடுப்பதில்லை, அவ்வளவுதான். இதனால்தான் "அவங்க ஊர்ல அப்படித்தான்" என்று எல்லாவற்றையும் மன்னித்துவிடவும் முடியாது. அந்தப் பண்பாட்டுக்குள்ளேயே துக்ரிக்கு ஒரு எல்லை இருக்கிறது. அதைத் தாண்டியது அங்கும் அவமரியாதைதான்.

அந்த எல்லை எங்கே என்று ஒரு நிகழ்வை வைத்துப் பார்க்கலாம். நீங்கள் அனுப்பிய செலவு மதிப்பீட்டின் ஓரத்தில் மேலாளர் எழுதுகிறார்: "இது தப்பு. இந்த எண்கள் எங்கிருந்து வந்தன? திரும்பச் செய்." வணக்கமும் இல்லை, 'தயவுசெய்து'வும் இல்லை. இந்த மூன்று வாக்கியங்களை மட்டும் வைத்து எதையும் தீர்மானிக்க முடியாது. கடுமை எந்த அளவு என்பதை அளந்துகொண்டிருப்பதால் பயனில்லை. அடுத்த பேச்சுதான் காட்டிக்கொடுக்கும். அதனால் நீங்களும் நேராக, சுருக்கமாக, விஷயத்தை மட்டும் பிடித்துப் பதில் எழுதுங்கள்: "எண்கள் போன காலாண்டுக் கோப்பிலிருந்து எடுத்தவை. எந்த வரி தப்பு என்று காட்டுங்கள். மொத்தம் சரி என்றுதான் நினைக்கிறேன்."

"14-ஆம் வரி. வாடகை இரண்டு முறை சேர்ந்திருக்கிறது" என்று பதில் வந்தால் அது துக்ரி. "நீ சொல்வது சரி, நான்தான் பழைய கோப்பைப் பார்த்தேன்" என்று வந்தால் சந்தேகமே வேண்டாம். முதலில் கேட்ட "எங்கிருந்து வந்தன?" உண்மையிலேயே பதில் வேண்டிக் கேட்ட கேள்வி என்பது இப்போது தெரிகிறது. "இதுகூடத் தெரியாதா உனக்கு?" என்றோ, "இவரிடம் கொடுத்தால் இப்படித்தான்" என்று மற்றவர்களையும் சேர்த்தோ பதில் வந்தால், பேச்சு எண்ணை விட்டு ஆளுக்குத் தாவிவிட்டது. அதற்கு எந்த ஊர்ப் பழக்கமும் சமாதானம் ஆகாது.

இரண்டாவது அடையாளம் திசை. கத்ரியேல் விவரிக்கும் துக்ரி, கீழே இருப்பவர் மேலே இருப்பவரிடமும் பேசுவது. அதில் கொஞ்சம் துணிச்சல் கலந்திருப்பதால்தான் அதற்கு மதிப்பு. எனவே உங்கள் மேலாளர் அவருடைய மேலதிகாரியிடம் எப்படிப் பேசுகிறார் என்று இரண்டு மூன்று கூட்டங்களில் கவனியுங்கள். அங்கேயும் "இது சரிவராது" என்கிறார் என்றால் அது அவர் பாணி. அங்கே குழைந்து, உங்களிடம் மட்டும் வெட்டிப் பேசுகிறார் என்றால் அது அதிகாரம். குழுவில் ஒரு பாலாரிடமோ ஒரு நாட்டாரிடமோ மட்டும் கடுமை காட்டுவதும் அப்படியே.

நம் பக்கம் வழக்கமாகத் தவறுவது மௌனத்தில். கோபத்தை அடக்கிக்கொண்டு "சரி, பார்க்கலாம்" என்று எழுதுவோம். நமக்கு அது மறுப்பு. அவருக்கு அது சம்மதம். இரண்டு வாரம் கழித்து வேலை நடக்கவில்லை என்று தெரியும்போது உண்மையை ஒளிப்பவர் என்று நம்மை அவர் நினைப்பார். துக்ரி பேசுபவரிடம் அதைவிடக் கெட்ட பெயர் இல்லை. நீண்ட மன்னிப்புக் கடிதமும் அவரைக் குழப்பத்தான் செய்யும். 14-ஆம் வரியைத் திருத்தி அனுப்பினால் போதும்.

தொனி உறுத்தினால் அதையும் தனியே, நேராகவே சொல்லலாம்: "தப்பைச் சுட்டிக்காட்டுங்கள், ஏற்றுக்கொள்கிறேன். எல்லோர் முன்னாலும் 'திரும்பச் செய்' என்று எழுதுவது எனக்குச் சங்கடமாக இருக்கிறது. எனக்குத் தனியாக எழுதுங்கள்." நேர்பேச்சுக்காரர் பெரும்பாலும் இதை வரவேற்பார், உடனே முழுசாக மாறாவிட்டாலும். கேலி செய்தால், அல்லது அடுத்த கூட்டத்தில் வேண்டுமென்றே அதையே செய்தால், தேதி, சொன்ன சொற்கள் அப்படியே, உடன் இருந்தவர்கள் என்று குறித்துவைக்கத் தொடங்குங்கள். மனிதவளப் பிரிவுக்குப் போகும்போது "மரியாதையில்லாமல் பேசுகிறார்" என்ற புகாரைப் பண்பாட்டு வேறுபாடு என்று ஒதுக்கிவிடுவது சுலபம். "கேட்டுக்கொண்ட பிறகும் மூன்று கூட்டங்களில் இன்னின்ன சொற்களைச் சொன்னார்" என்பதை அப்படி ஒதுக்க முடியாது.