லேயில் ஏறிய ரத்தம் சென்னையில் ஏன் இறங்கவில்லை?

விளக்கத்துக்காக ஒருவரை எடுத்துக்கொள்வோம். வேளச்சேரிக்காரர், வயது 48. லடாக்கில், லே பக்கம் சாலைப் பணியில் இரண்டு வருடம் மேற்பார்வையாளராக இருந்துவிட்டு ஆறு மாதம் முன்பு ஊர் திரும்பியவர். முழு உடல் பரிசோதனையில் அவருடைய ஹீமோகுளோபின் 19.1, ஹீமட்டோகிரிட் 58 என்று வருகிறது. அதாவது 100 மில்லி ரத்தத்தில் 58 மில்லி வெறும் அணுக்கள். ஆண்களுக்கு 49-ஐத் தாண்டினாலே கவனிக்க வேண்டும். "மலையில இருந்தீங்கல்ல, அதான்" என்று எல்லோரும் சொல்கிறார்கள்.

மலை ரத்தத்தைக் கூட்டும் என்பது உண்மைதான். லே சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சென்னையில் ஒரு மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜனில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான் அங்கே கிடைக்கும். இதை முதலில் கணக்கெடுப்பது சிறுநீரகம். அதன் சில செல்களில் ஹிஃப் என்ற புரதம் ஓயாமல் உற்பத்தியாகும். ஆக்சிஜன் போதுமான அளவு இருந்தால் உடனுக்குடன் அழிக்கவும் படும். அழிப்பதற்கான அடையாளத்தை அதன்மேல் பதிக்க ஆக்சிஜன் தேவை. ஆக்சிஜன் குறைந்தால் ஹிஃப் பிழைத்துக்கொண்டு, எரித்ரோபாய்டின் என்ற ஹார்மோனைச் சுரக்க வைக்கிறது. அது எலும்பு மஜ்ஜைக்குப் போய் "இன்னும் சிவப்பணு வேண்டும்" என்று உத்தரவு கொடுக்கிறது. இந்த வழியைக் கண்டறிந்த மூவருக்குத்தான் 2019-இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

மலையை விட்டு இறங்கியதும் உத்தரவு நின்றுபோகும். ஒரு சிவப்பணுவின் ஆயுளே சுமார் 120 நாள்தான். மலையில் கூடியது பெரும்பாலும் சில வாரங்களில் இறங்கிவிடும். ஆறு மாதம் கழித்தும் 58 என்றால், மலைமேல் பழி போட முடியாது.

கோடையில் எடுத்த பரிசோதனை என்றால் இன்னொரு சந்தேகமும் வரும். கத்திரி வெயிலில் வியர்த்து உடல் வறண்டால் ரத்தத்தின் நீர்ப்பகுதி குறையும். அணுக்கள் கூடாமலே ஹீமட்டோகிரிட் உயர்ந்து தெரியும். இவர் நன்றாகத் தண்ணீர் குடித்துவிட்டு, பத்து நாள் கழித்து மறுபடி எடுத்துப் பார்த்தார். 57. அதே அறிக்கையில் தட்டணுக்கள் 6 லட்சத்தைத் தாண்டியிருந்தன. இது முக்கியமான தடயம். மலை கூட்டுவது சிவப்பணுவை. தட்டணு இப்படி ஏறுவது மலையின் வேலை அல்ல.

இன்னொரு தடயம் அவர் வாயிலிருந்தே வந்தது. குளித்து முடித்ததும் உடம்பெல்லாம் ஊசி குத்துவதுபோல் அரிப்பு, ஆனால் தடிப்பு எதுவும் இல்லை. போர்வெல் உப்புத் தண்ணீர்தான் காரணம் என்று நினைத்து சோப்பை மூன்று முறை மாற்றியிருக்கிறார். வெந்நீர்க் குளியலுக்குப் பின் வரும் இந்த அரிப்பு, பாலிசைத்தீமியா வேரா என்ற மஜ்ஜை நோயின் பழைய அடையாளம்.

சரி, உத்தரவு எங்கிருந்து வருகிறது? அதற்கு ரத்தத்தில் எரித்ரோபாய்டின் அளவைப் பார்க்க வேண்டும். புகைப்பழக்கம், தூக்கத்தில் மூச்சுத் தடைபடுதல், சில சிறுநீரகக் கட்டிகள் காரணமாக இருந்தால் அது உயர்ந்திருக்கும், அல்லது இயல்பாக இருக்கும். இவருக்கோ இயல்பான அளவுக்கும் கீழே. சிறுநீரகம் வாயை மூடிக்கொண்டிருக்கிறது, மஜ்ஜை தானாகவே உற்பத்தி செய்துகொண்டிருக்கிறது.

ஏன் தானாக? ஹார்மோனின் உத்தரவை மஜ்ஜை செல்லுக்குள் கடத்துவது ஜாக்-2 என்ற புரதம். அதில் 617-ஆம் இடத்தில் வேலின் என்ற அமினோ அமிலத்துக்குப் பதில் பீனைல்அலனின் என்ற இன்னொன்று வந்து உட்கார்ந்தால், அதன் பிரேக் பழுதாகிவிடும். அப்புறம் ஹார்மோன் இல்லாமலே உத்தரவு போய்க்கொண்டிருக்கும். 2005-இல் கண்டறியப்பட்ட இந்த மாற்றம் பாலிசைத்தீமியா வேரா உள்ளவர்களில் சுமார் 95 சதவீதம் பேரிடம் இருக்கிறது. இது பிறவியில் வருவதல்ல. வாழ்நாளில் ஒரு மஜ்ஜைச் செல்லில் நேர்ந்து, அதன் வம்சமாகப் பெருகுவது. இவருடைய பரிசோதனையிலும் அது இருந்தது.

பயமெல்லாம் ரத்தம் உறைவதைப் பற்றித்தான். மூளையிலோ, இதயத்திலோ, கல்லீரல் ரத்தநாளத்திலோ ரத்தம் உறைந்து அடைக்கலாம். ஹீமட்டோகிரிட்டை 45-க்குக் கீழே வைத்தவர்களையும் 45 முதல் 50 வரை விட்டவர்களையும் இத்தாலியில் ஒப்பிட்டார்கள். 2013-இல் வெளியான அந்த ஆய்வில், இரண்டாவது குழுவில் இதய, ரத்தநாள மரணமும் பெரிய ரத்த உறைவும் ஏறக்குறைய நான்கு மடங்கு. அதனால் இலக்கு 45. இவருக்கு வாரம் ஒரு பை, 350 மில்லி ரத்தம் எடுத்தார்கள். கூடவே குறைந்த அளவு ஆஸ்பிரின். அறுபது வயது தாண்டியவர்களுக்கும் ஏற்கெனவே ரத்தம் உறைந்தவர்களுக்கும் மஜ்ஜையின் உற்பத்தியைக் குறைக்கும் ஹைட்ராக்சியூரியா போன்ற மருந்தும் சேரும்.

இங்கேதான் ஒரு தப்பு அடிக்கடி நடக்கிறது. முதல் பையோடு சுமார் 200 மில்லிகிராம் இரும்பு வெளியே போகிறது. ஆணின் உடலில் சேமிப்பே ஒரு கிராம் அளவுதான். சில பைகளில் அது காலி. அடுத்த அறிக்கையில் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் குறைவு என்று பார்த்ததும், விவரம் தெரியாத யாராவது இரும்புச்சத்து மாத்திரை எழுதிக் கொடுத்துவிடுவார்கள். இங்கே அந்தப் பற்றாக்குறைதான் மஜ்ஜையின் கையைக் கட்டி வைத்திருக்கிறது. மாத்திரையைப் போட்டால் சில வாரங்களில் ஹீமட்டோகிரிட் மறுபடி ஏறிவிடும். ஆகவே, ரத்தநோய் மருத்துவர் சொல்லாமல் இரும்பு மாத்திரை வேண்டாம் என்று இவருடைய மருந்துச் சீட்டின் தலைப்பிலேயே எழுதியிருக்கிறார்கள்.