டாபிக் – தலைப்பா, எழுவாயா, பேசுபொருளா?

சீன மொழி இலக்கணம் படிப்பவர்கள் முதலில் தடுக்கி விழும் சொல் டாபிக். ‘இடம்’ என்று பொருள்படும் ‘தோபோஸ்’ என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. மொழியியலில் இதையும், இதைப் பற்றிச் சொல்லப்படுவதைக் குறிக்கும் ‘காமென்ட்’ என்பதையும் சேர்த்துப் பரப்பியவர் சார்லஸ் ஹாக்கெட். 1958இல் எழுதினார். அப்புறம் 1968இல் மொழியியலாளர் யுவென் ரென் சாவ், சீன வாக்கியத்தின் முதல் பாதியை வேலையைச் செய்பவர் என்று கொள்வதைவிடப் பேசப்படும் விஷயம் என்று கொள்வதே பொருந்தும் என்றார்.

இதற்குப் பேர்போன எடுத்துக்காட்டு ‘ஜி பு ச்சி லெ’. சொல்லுக்குச் சொல்: கோழி, இல்லை, சாப்பிடு, இனி. கோழி இரையெடுப்பதை நிறுத்திவிட்டது என்றும் கொள்ளலாம், கோழிக்கறி எனக்கு இனி வேண்டாம் என்றும் கொள்ளலாம். நமக்கு இது புதிதல்ல. ‘கோழி சாப்பிடவில்லை’ என்று சொல்லிப் பாருங்கள், அதே குழப்பம்தான். ‘இல்லை’ யாருக்கும் மாறாது. ஆனால் ‘வந்தேன்’ என்றால் விகுதியே ‘நான்’ என்று காட்டிக்கொடுத்துவிடும். சீன வினைக்கு ஆளைக் காட்டும் விகுதியே கிடையாது. அதனால் நம் ‘தோன்றா எழுவாய்’ என்ற சொல்லைச் சீனத்துக்கும் தாராளமாகப் பயன்படுத்தலாம். அங்கே தேட வேண்டிய இடம் வினையல்ல, முன்பின் வாக்கியங்கள் என்பதை மட்டும் நினைவில் வைத்தால் போதும்.

சீனத்தை ஆங்கிலத்தில் பெயர்க்கும்போது சிக்கல் வேறு. ஆங்கிலத்துக்கு எழுவாய் கட்டாயம் வேண்டும். ஒரு கடைக்காரர் சீனத்தில் எழுதுகிறார்: ‘ஆர்டர் கிடைத்தது, சீக்கிரம் கவனிக்க’. இரண்டாம் வினையை அதற்கு மேல் தமிழில் முடிக்க முடியவில்லை. முடித்தால் ‘கவனிப்பேன்’, ‘கவனிப்போம்’ என்று ஆள் வந்துவிடுகிறது. ‘ஆர்டர்’ இங்கே பேசுபொருள். அதை எழுவாயாக எண்ணி அப்படியே பெயர்த்தால், ஆர்டரே எதையோ கவனிக்கப்போவதாக ஆங்கிலம் வந்து நிற்கும். ஒவ்வொரு வினையிடமும் ‘யார்?’ என்று கேட்டுப் பார்த்தால் இந்தத் தவறு உடனே பிடிபடும்.

பதில் ‘நான்’ என்றால் ஒருவர் பொறுப்பேற்கிறார், ‘நாங்கள்’ என்றால் கடை. மூலத்தில் இரண்டுமே இல்லை. கடிதத்தின் கீழே கடையின் பெயர் மட்டும் இருந்தால் ‘நாங்கள்’ போடலாம். செயப்பாட்டு வினையில் தப்பிக்கலாம்தான். ஆனால் ‘கவனிக்கப்படும்’ என்றதும் கடிதத்துக்கு அரசு அலுவலக வாடை வந்துவிடுகிறது. பேசுபொருளைக் காப்பாற்ற ஒவ்வொரு வாக்கியத்தையும் ‘ஆஸ் ஃபார்’ என்று தொடங்குவோரும் உண்டு. சீனத்தில் சாதாரணமாக இருந்தது ஆங்கிலத்தில் அழுத்திச் சொன்னதுபோல் ஒலிக்கும்.

சரி, தமிழில் எதைச் சொல்வது? ‘தலைப்பு’ கட்டுரைக்கு உரியது. ‘எழுவாய்’ பொருந்தாது, ஏனென்றால் கோழி எடுத்துக்காட்டில் பிரித்துக்காட்ட வேண்டியதே அதைத்தான். (அதிலுள்ள ‘வாய்’க்கும் இடம் என்ற பொருள் உண்டு. கிரேக்கச் சொல்லோடு இப்படி ஒத்துப்போனது வெறும் தற்செயல்.) என் தேர்வு ‘பேசுபொருள்’, காமென்டுக்குக் ‘கூற்று’.