ரேடியோ பாடுகிறதா?

திருமணச் செயலி இருவரையும் சேர்த்துவைத்தது. பெண் கடலூர் திருப்பாதிரிப்புலியூர். பையனுக்குப் புதுச்சேரியில் வேலை. திங்கள் இரவு பேச்சுவாக்கில் அந்தப் பெண் சொன்னார்: "தாத்தாவின் வால்வு ரேடியோ மௌனமாகிவிட்டது. கண்டென்சர் போயிருக்கிறதாம், வியாழக்கிழமை தருகிறேன் என்கிறார் மெக்கானிக்." பேச்சு அப்படியே சம்பளம், சாப்பாடு என்று நகர்ந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை அந்த ரேடியோ பையனுக்கு நினைவிருக்குமா? 1885-இல் வெளியிட்ட ஆய்வில் ஜெர்மானிய உளவியலாளர் எபிங்ஹாஸ், பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து, பிறகு அவற்றை மறுபடி கற்க எவ்வளவு நேரம் மிச்சமாகிறது என்று அளந்தார். ஒரு நாள் கழித்து மிச்சமானது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு நேரம்தான். உரையாடல் அசைகளைவிடப் பிழைத்துக்கொள்ளும். ஆனாலும் அதில் தங்குவது சாரம். 'வீட்டில் ஏதோ ரிப்பேர்' என்பது மிஞ்சும், கண்டென்சரும் வியாழனும் முதலில் உதிரும்.

"கண்டென்சர் மாற்றியாகிவிட்டதா? ரேடியோ பாடுகிறதா?" என்ற கேள்வி வேலை செய்வது இதனால்தான். தானே மறந்திருக்கக்கூடிய ஒன்றை இன்னொருவர் நான்கு நாள் சுமந்திருக்கிறார் என்று அந்தப் பெண்ணுக்குத் தெரிகிறது. 2017-இல் வெளியான ஓர் ஆய்வு, வரிசையாகப் பலரைச் சில நிமிடங்கள் சந்திக்கும் துணைதேடல் நிகழ்ச்சிகளின் பேச்சுகளை ஆராய்ந்தது. மற்றவர் சொன்னதிலிருந்தே அடுத்த கேள்வியைத் தொடுத்தவர்களுக்கு மறுசந்திப்புச் சம்மதம் கூடுதலாகக் கிடைத்தது. அங்கே தொடர்கேள்வி அடுத்த நொடியில் வந்தது. நாள் கடந்து வந்தால் இன்னும் கனம் என்பது என் கணிப்பு.

எந்த விவரத்தை எடுப்பது? முடிவு தெரியாமல் நிற்பதை. பிடித்த நிறம் நீலம் என்பதில் கேட்க ஒன்றுமில்லை. வியாழக்கிழமை வரவேண்டிய ரேடியோவுக்கு ஒரு வெள்ளிக்கிழமை இருக்கிறது. அன்றிரவே ஒருமுறை, மறுநாள் ஒருமுறை, செல்பேசியைப் பார்க்காமல் தானாக நினைவுகூர்ந்தால் அது தங்கும். திரும்பத் திரும்பப் படிப்பதைவிட இப்படி மீட்டெடுப்பதே பலமான பயிற்சி.

சறுக்கும் இடம் வேறு. ஒரே வாரத்தில் மூன்று வரன்களோடு பேசுகிறவருக்குச் செய்தி நினைவிருக்கும், சொன்னவர் மாறிப்போவார். மூளை இரண்டையும் ஒரே முடிச்சாகக் கட்டிவைப்பதில்லை. மறந்தால்கூட மன்னிப்பு உண்டு. ஒருத்தியின் பூனையை இன்னொருத்தியிடம் விசாரித்தால் கதை முடிந்தது. நிச்சயமாகத் தெரியும் என்ற உணர்வை நம்ப முடியாது. அதற்கு முன்னும் பின்னும் என்ன பேசினோம் என்பது நினைவுக்கு வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் பழைய செய்தியைத் தேடிப் பார்த்துவிட்டே அனுப்புங்கள். பார்த்ததை வரிக்கு வரி, 'திங்கள் இரவு 9.40-க்குச் சொன்னீர்களே' என்று ஒப்பித்தால் துப்பறிகிறவர் வாடைதான் அடிக்கும்.

பலித்ததா என்பது பதிலில் தெரியும். 'ம், ஆமாம்' என்று நின்றால் பலிக்கவில்லை. அந்தப் பெண் எழுதியது இது: "பாடுகிறது. ஆனால் புதுச்சேரி வானொலி மட்டும் இரைகிறது. ஏரியலைக் கொல்லையில் கட்டலாம் என்றால் தாத்தா முருங்கை மரத்தைத் தொடவிடமாட்டேன் என்கிறார்."